கலைச்சொல் வேண்டும்: நோயைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் மரபணு

மீனாட்சி, காரைக்குடி:
தலசீமியாப் பிள்ளைகளின் பெற்றோருக்கான கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து ஈமோகுளோபின் ஈ, மற்றவரிடமிருந்து பீட்டா தலசீமியா பெற்ற பிள்ளைகளில் ஒருவனுக்கு மாதந்தோறும் ரத்தம் ஏற்றுகிறார்கள். இன்னொருவன் ஏற்றாமலே வளர்கிறான். இதற்குக் காரணமான பிற மரபணுக்களுக்குத் 'தணிப்பு மரபணு' என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

மருத்துவர் சிதம்பரம், தேவகோட்டை:
பாதிதான் பொருந்தும். ஐந்தொகை எழுதிய ஊர் நம்முடையது. அதுபோல ஈமோகுளோபினில் ஆல்பாச் சங்கிலியும் பீட்டாச் சங்கிலியும் சரிக்குச் சரி நேராக வேண்டும். பீட்டா குறைந்தால் ஆல்பா மிஞ்சும்; அந்த மிச்சமே எலும்பு மஜ்ஜைக்குள் சிவப்பணுக்களை அழிக்கிறது. வழக்கமான நான்கு ஆல்பா மரபணுக்களில் ஒன்று இல்லாத பிள்ளைக்கு மிச்சம் குறையும், நோயும் தணியும். ஐந்தாவது ஒன்று கூடினால் நோய் முற்றும். இரண்டையும் ஒரே சொல் தாங்க வேண்டும்.

புலவர் அண்ணாமலை, கண்டனூர்:
'மட்டுமரபணு' என்க. மட்டு என்பது அளவு. சங்கப் பாடல்களில் கள்ளுக்கும் தேனுக்கும் மட்டு என்று பெயர். அளந்து வார்ப்பதால் வந்திருக்கும் என்பது என் துணிபு. மட்டம், மட்டுப்படு எல்லாம் இவ்வேரே.

வள்ளியம்மை, பள்ளத்தூர்:
ஐயா, அதைப் படிக்கும் தாய் 'என் பிள்ளைக்கு மட்டுமா?' என்றுதான் கேட்பாள். ஈமோகுளோபின் அளவு என் மூத்தவனுக்கு 6.3, இளையவனுக்கு 6.9. மூத்தவன் ரத்தத்துக்குப் படுத்துக் கிடக்கிறான், இளையவன் கபடி ஆடுகிறான். ஆல்பாச் சோதனையில் இருவருக்கும் ஒரே முடிவுதான். எந்தச் சொல் என் வீட்டைச் சொல்லும்?

சுப்பையா, கோனாப்பட்டு:
காரணம் எஃப் ஒன்றே. கருவில் இருக்கும் ஈமோகுளோபின் எஃப் பிறந்தபின்னும் கூடுதலாக இருப்பவன் தேறுகிறான். 'எஃப் மரபணு' போதும். என் பாட்டி பர்மாக்காரர். எனக்கும் ஈ ஒன்று உண்டு என்றார்கள். நானும் ரத்தம் ஏற்ற வேண்டுமா?

மருத்துவர் சிதம்பரம்:
வேண்டாம் சுப்பையா, ஈ ஒன்று மட்டும் இருந்தால் நோயில்லை. எஃப் உதவும் என்பது உண்மை. அதன் காமாச் சங்கிலி மிஞ்சிய ஆல்பாவோடு சேர்கிறது. ஆனால் எஃப் ஆக்சிஜனை எளிதில் விடாது, ஈ விட்டுக்கொடுக்கும். ஆகவே ஒரே எண் இருவரிடமும் ஒரே வேலை செய்யாது. ஆய்வாளர்கள் வெதரால், ஒலிவியேரி குழுவினர் இலங்கையில் பல ஆண்டுகள் பார்த்தபோதும், லேசான நோயாளிக்கும் கடுமையான நோயாளிக்கும் எண்ணில் பெரிய வேறுபாடில்லை. குறைந்த ரத்தத்தோடு உடல் பழகும் விதம் மாறுகிறது, வயதோடும் மாறுகிறது. ஆச்சி, அதனால் ஓர் எண்ணை வைத்து ரத்தம் ஏற்றத் தொடங்கக் கூடாது. காய்ச்சலில்லாத சில மாதங்கள் உயரமும் மண்ணீரலும் முக எலும்பும் பார்க்க வேண்டும். உங்கள் பிள்ளைகளின் வேறுபாட்டுக்கு இன்றைய சோதனைகளில் முழு விடை இல்லை.

மீனாட்சி:
எனக்குத் தனியே எழுதிய நால்வர் 'கூட்டுக்குறைப்பு மரபணு' என்றதால் அதையே போடுகிறேன். ஆச்சி கேட்டபடி, உடன்பிறந்தோரும் வேறுபடலாம் என்ற வரியைத் தடித்த எழுத்தில் சேர்த்துவிட்டேன்.

புலவர் அண்ணாமலை:
உம்மைத்தொகையில் வலி மிகாது. 'க்' போட்டால் 'கூட்டைக் குறைப்பது' என்றாகிவிடும். என் மறுப்பைப் பதிவு செய்க.