மேட் கிரெடிட் 15.60 லட்சம் இருக்கிறது, ரிட்டர்னில் 10.97 லட்சம்தான் கழிகிறது. ஏன்?

பல்லடம் கணக்கர் (அக்டோபர் 2025)

வணக்கம். பல்லடம் பக்கம் ஒரு விசைத்தறித் துணி பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். 2025-26 மதிப்பீட்டு ஆண்டு ரிட்டர்ன் தயார் செய்துகொண்டிருக்கிறோம். ஆடிட்டர் வெளியூரில் இருக்கிறார். அவர் வருவதற்குள் எனக்கு இது புரிய வேண்டும்.

2022-23 நிதியாண்டில் புதுத் தறிகள் வாங்கினோம். கூடுதல் தேய்மானம் எல்லாம் எடுத்ததால் வருமான வரிக் கணக்கில் லாபம் மிகக் குறைவாக வந்தது, புத்தகத்தில் மட்டும் நல்ல லாபம். அதனால் இரண்டு வருடம் மேட், அதாவது புத்தக லாபத்தை வைத்துப் போடும் குறைந்தபட்ச வரி, கட்டினோம். சாதாரண வரிக்கு மேல் கட்டியது, பின்னால் கழித்துக்கொள்ளும் கிரெடிட்டாக நிற்கிறது.

2023-24 மதிப்பீட்டு ஆண்டு: புத்தக லாபம் 80 லட்சம், வரிக்குரிய வருமானம் 12 லட்சம். மேட் 12.48 லட்சம், சாதாரண வரி 3.12 லட்சம். கிரெடிட் 9.36 லட்சம்.

2024-25 மதிப்பீட்டு ஆண்டு: புத்தக லாபம் 90 லட்சம், வரிக்குரிய வருமானம் 30 லட்சம். மேட் 14.04 லட்சம், சாதாரண வரி 7.80 லட்சம். கிரெடிட் 6.24 லட்சம்.

ஆக மொத்தம் 15.60 லட்சம் கையில் இருக்கிறது. இந்த முறை வரிக்குரிய வருமானம் 95 லட்சம், சாதாரண வரி செஸ் சேர்த்து 24.70 லட்சம். 15.60 போக 9.10 லட்சம் கட்டினால் போதும் என்று கணக்குப் போட்டு, அட்வான்ஸ் டாக்ஸும் சரியாக 9.10 லட்சம் கட்டிவிட்டோம். ஆனால் ITR-6 யூட்டிலிட்டியில் `Schedule MATC` 10.97 லட்சத்துக்கு மேல் எடுக்க மறுக்கிறது. இந்த ஆண்டு புத்தக லாபம் 88 லட்சம். மென்பொருளில் ஏதாவது கோளாறா?

புதிய வரிமுறை

இதற்கெல்லாம் மண்டையை உடைக்காதீர்கள் சார். 115பிஏஏ பிரிவின் புதிய வரிமுறைக்குப் போய்விடுங்கள். 22 சதவீதம், சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து 25.168 சதவீதம். உங்களுடைய 26 சதவீதத்தை விடக் குறைவு, மேட் என்ற பேச்சே கிடையாது. 10-ஐசி படிவத்தை ரிட்டர்ன் கடைசி தேதிக்குள் போட்டால் முடிந்தது. நாங்கள் மாறி நான்கு வருடம் ஆகிறது, நிம்மதியாக இருக்கிறோம்.

பழைய ஆடிட்டர்

மென்பொருள் சரியாகத்தான் சொல்கிறது தம்பி. கிரெடிட் எவ்வளவு இருந்தாலும், அதைக் கழித்த பிறகு நீங்கள் கட்டுகிற வரி அந்த வருடத்து மேட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. 115ஜேஏஏ பிரிவு அப்படித்தான் அமைந்திருக்கிறது. லாபம் காட்டுகிற கம்பெனி எந்த வருடமும் ஒரு குறைந்தபட்ச வரியாவது கட்ட வேண்டும் என்பதற்காக வந்ததுதான் மேட். பழைய கிரெடிட்டை வைத்து அந்தக் குறைந்தபட்சத்தையும் கரைத்துவிடலாம் என்றால் அப்புறம் அதற்கு அர்த்தமே இல்லை.

உங்கள் எண்களிலேயே பாருங்கள். 88 லட்சத்துக்கு 15 சதவீதம் 13.20 லட்சம், செஸ் சேர்த்தால் 13.728 லட்சம். இதுதான் தரை. சாதாரண வரி 24.70. இரண்டுக்கும் நடுவில் உள்ள 10.972 லட்சம்தான் இந்த வருடம் கழிக்க முடியும். மீதி 4.628 லட்சம் எங்கேயும் போகாது, அடுத்த வருடத்துக்குப் போகும். பழைய கிரெடிட்தான் முதலில் கழியும். அதனால் 2023-24இன் 9.36 முழுவதும் தீர்ந்து, மீதம் நிற்பது முழுக்க 2024-25இல் பிறந்தது. அதற்கு 15 மதிப்பீட்டு ஆண்டுகள் ஆயுள், அதாவது 2039-40 வரை.

மேலே நண்பர் சொன்ன 115பிஏஏ விகிதம் சரி, மேட் இல்லை என்பதும் சரி. ஆனால் அங்கே போன அன்றே இந்த 15.60 லட்சமும் செத்துவிடும். வரி வாரியம் 2019 அக்டோபரில் போட்ட 29ஆம் எண் சுற்றறிக்கையில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. இந்த வருடம் அங்கே போனால் 95 லட்சத்துக்கு 23.91 லட்சம் கட்ட வேண்டும். இங்கேயே இருந்தால் 13.73. பத்து லட்சம் வித்தியாசம். ஒருமுறை போனால் திரும்பவும் முடியாது.

இன்னொன்று. 88 லட்சம் எப்படி வந்தது? கிரெடிட் கழிக்கும் வருடத்தில் புத்தக லாபத்தில் ஒரு ரூபாய் தவறினாலும் தரை நகர்ந்துவிடும். அந்தக் கணக்கைப் போடுங்கள், பார்க்கிறேன்.

கரூர்க்காரர்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் கம்பெனியை இரண்டு வருடம் முன்பு எல்எல்பி ஆக மாற்றினோம். கம்பெனியாக இருந்தபோது கட்டிய மேட்டில் கிரெடிட் 7 லட்சம் இருக்கிறது. எல்எல்பியில் இதே மாதிரி கழிக்கலாமா?

பழைய ஆடிட்டர்

முடியாது சார். அதே பிரிவில் இதற்கென்று தனி உட்பிரிவே வைத்திருக்கிறார்கள்: கம்பெனி எல்எல்பியாக மாறினால் மேட் கிரெடிட் அந்த எல்எல்பிக்குக் கிடைக்காது. மாற்றும் முன் இதை யாராவது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கே வருத்தமாக இருக்கிறது.

பல்லடம் கணக்கர்

நன்றி சார், தரை என்றதும் புரிந்தது. புத்தக லாபம் எடுத்த விதம் இது: லாப நட்டக் கணக்கில் வரிக்குப் பிந்தைய லாபத்தை எடுத்து, வருமான வரி ஒதுக்கீட்டையும் டெஃபர்டு டாக்ஸையும் கூட்டினேன், 84 லட்சம் வந்தது. இந்த வருடம்தான் முதல் முறையாக ஆக்சுவரி சான்று வாங்கி கிராஜுவிட்டிக்கு 4 லட்சம் ஒதுக்கினோம். பணமாகக் கட்டவில்லை, அதனால் அதையும் கூட்டி 88 ஆக்கினேன். வாராக்கடன் ஒதுக்கீடு எதுவும் இல்லை.

பழைய ஆடிட்டர்

அந்த 4 லட்சத்தைக் கூட்ட வேண்டியதில்லை. சாதாரண வரிக் கணக்கில் கட்டாத கிராஜுவிட்டி ஒதுக்கீடு செல்லாது, அங்கே கூட்டியது சரி. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கூட்டிவிட்டீர்கள். புத்தக லாபத்துக்கு விதி வேறு: நிச்சயமில்லாத பொறுப்புகளுக்கான ஒதுக்கீட்டைத்தான் கூட்டச் சொல்கிறது. ஆக்சுவரி கணித்துக் கொடுத்த கிராஜுவிட்டி நிச்சயமான பொறுப்பு என்றுதான் தீர்ப்புகள் வந்திருக்கின்றன. வாராக்கடன் ஒதுக்கீடு இருந்திருந்தால் கதை நேர்மாறு. அது சொத்தின் மதிப்புக் குறைவுக்கான ஒதுக்கீடு, கூட்டியே ஆக வேண்டும்.

ஆக புத்தக லாபம் 84 லட்சம். மேட் 12.60, செஸ்ஸோடு 13.104 லட்சம். கழியும் கிரெடிட் 11.596 லட்சம், மீதம் 4.004 லட்சம். தரை இறங்கியதால் இந்த வருடமே 62,400 ரூபாய் கூடுதலாகக் கழிகிறது. ஆக்சுவரி சான்றின் நகலைக் கோப்பில் வையுங்கள், மேட் கணக்கைச் சான்றளிக்கும் 29பி படிவத்தில் கையெழுத்துப் போடும் ஆடிட்டர் கேட்பார்.

இப்போது வட்டி. கட்ட வேண்டியது 13.104, கட்டியது 9.10. குறைவது 4.004 லட்சம். மீதமுள்ள கிரெடிட்டும் அதே தொகைதான், தற்செயல் அல்ல: தரைக்குக் கீழே கழிக்கப் பார்த்த தொகைதான் இரண்டு இடத்திலும் தெரிகிறது. அசல் பணம் கிரெடிட்டாகத் திரும்பும், வட்டி திரும்பாது. அட்வான்ஸ் டாக்ஸ் 90 சதவீதத்தைத் தொடாததால் 234பி பிரிவில் மாதம் 1 சதவீதம், அக்டோபருக்குள் கட்டினால் ஏழு மாதத்துக்கு 28,028 ரூபாய். அதோடு 234சி பிரிவில் தவணைக் குறைவுக்கும் கொஞ்சம் வரும். நல்லவேளை, கிரெடிட்டைக் கழித்த பிறகுதான் வட்டி கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் துல்சியான் வழக்கில் தீர்த்துவிட்டது. இல்லையென்றால் 24.70 லட்சத்தை வைத்துக் கேட்டிருப்பார்கள்.

ஈரோடு சிஏ மாணவி

ஒரு சந்தேகம் சார். இந்த வருடம் சாதாரண வரிதான் அதிகம். மேட் பொருந்தாத வருடத்துக்கு 29பி எதற்கு? பிரிவிலேயே “இந்தப் பிரிவு பொருந்தும் கம்பெனி” என்றுதானே இருக்கிறது? அதே போல கிரெடிட்டில் செஸ்ஸைச் சேர்த்தது சரியா? பிரிவில் வரி என்றுதானே இருக்கிறது?

பழைய ஆடிட்டர்

எழுத்தின்படி பார்த்தால் 29பி பற்றி நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறதம்மா. ஆனால் கிரெடிட் கழிக்கும் வருடத்தில் மேட் எண்தானே தரை? அதைச் சான்றளித்த தாள் இருப்பது நல்லது என்று நான் போடச் சொல்வேன். வேண்டாம் என்கிற ஆடிட்டர்களும் உண்டு. செஸ்ஸைப் பொறுத்தவரை ITR-6 படிவமே செஸ் சேர்ந்த எண்களை வைத்துத்தான் கழிக்கிறது. படிவத்தோடு போவதே நல்லது.

புதிய வரிமுறை

நாங்கள் மாறும்போது எங்களிடம் கிரெடிட் பூஜ்யம். அதனால்தான் அந்தக் கோணம் எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் மீதி 4 லட்சம் அடுத்த வருடம் தீர்ந்ததும் மாறுவது நல்லதுதானே?

பல்லடம் கணக்கர்

அங்கேதான் சிக்கல். டிசம்பரில் புதுத் தறிகள் வருகின்றன. மறுபடி கூடுதல் தேய்மானம் வரும், சாதாரண வரி மேட்டுக்குக் கீழே போய்விடும் போலிருக்கிறது.

பழைய ஆடிட்டர்

டிசம்பரில் ஓட ஆரம்பித்தால் 180 நாளுக்குக் குறைவு, எனவே தேய்மானத்தில் பாதிதான் இந்த நிதியாண்டில். கூடுதல் தேய்மானத்தின் மறுபாதி அடுத்த ஆண்டில் கிடைக்கும். சாதாரண வரி மேட்டுக்குக் கீழே போனால் பழைய 4 லட்சம் கழியாது, புதுக் கிரெடிட்டும் சேரும். 115பிஏஏவில் கூடுதல் தேய்மானமே கிடையாது, ஆகவே இப்போது மாறாதீர்கள். தறி விலை தெரிந்ததும் இரண்டு வழியிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பல்லடம் கணக்கர் (பிப்ரவரி 2026)

ரிட்டர்ன் போட்டுவிட்டோம், `Schedule MATC`இல் மீதம் 4,00,400 என்று நிற்கிறது. ஆடிட்டரும் கிராஜுவிட்டி விஷயத்தை ஒப்புக்கொண்டார். தறிகளும் ஓடத் தொடங்கிவிட்டன. ஆனால் பிப்ரவரி 1 பட்ஜெட்டைப் பார்த்ததும் மறுபடி குழப்பம். ஏப்ரல் 2026 முதல் மேட் 14 சதவீதம், அதுவே இறுதி வரி, புதிதாகக் கிரெடிட் சேராது என்று முன்மொழிந்திருக்கிறார்கள். பழைய கிரெடிட்டைப் புதிய வரிமுறையில் மட்டும்தான் கழிக்கலாமாம், அதுவும் அந்த வருடத்து வரியில் கால் பங்கு வரை.

பழைய ஆடிட்டர்

ஆமாம் தம்பி, நானும் படித்தேன். முன்பு மாறினால் கிரெடிட் சாகும். இது அப்படியே சட்டமானால், மாறாமல் இருந்தால்தான் கிரெடிட் தூங்கும். 95 லட்சம் வருமானத்தில் புதிய முறை வரி 23.91 லட்சம், கால் பங்கு கிட்டத்தட்ட 5.98 லட்சம். உங்கள் 4 லட்சம் ஒரே வருடத்தில் அடங்கிவிடும். மார்ச் 31 வரை புதிதாகச் சேர்வதும் கூடினால் இரண்டு வருடம் ஆகலாம். எதிர்ப்பக்கம், தறிகளின் கூடுதல் தேய்மானத்தின் மறுபாதியை நீங்கள் விட வேண்டியிருக்கும். எது பெரிது என்று தறி பில் தொகையைப் பார்க்காமல் சொல்ல முடியாது. மசோதா நிறைவேறி வரும் வாசகத்தையும் பார்க்க வேண்டும். பில் தொகையைப் போடுங்கள்.