புதுப்பிப்பு: விளம்பரக் கணக்கு ஒப்படைப்பில் விடுபட்டிருந்த ஒன்று

முன்பு கேட்டது: “ஏஜென்சி எங்கள் கூகுள் விளம்பரக் கணக்கைத் திருப்பித் தருகிறது. ஒப்படைப்பு ஆவணத்தில் எதைப் பார்க்க வேண்டும்?”

கிளிநொச்சியில் உள்ள எங்கள் தண்ணீர்ப் பம்ப் கடையின் கணக்கு இது. அணுகல் சரி, கடை மின்னஞ்சலுக்கு Admin உரிமை வந்துவிட்டது. “அது போதும், எல்லாம் உங்களுடையதுதான்” என்று பதிலில் ஒரு தம்பி எழுதியிருந்தார். பாதிதான் சரி. இன்னொரு பதிலில் வவுனியா அக்கா பார்க்கச் சொன்னது கன்வெர்ஷன் அமைப்பை, அதாவது விளம்பரத்தால் வரும் விசாரணைகளை எண்ணும் இடத்தை. அங்கே கன்வெர்ஷன் கணக்காக, வாடிக்கையாளர் கணக்குகளை ஏஜென்சி ஒன்றாக நிர்வகிக்கும் மேனேஜர் கணக்கு நிற்கிறது. அந்தக் கணக்குடனான இணைப்பைத் துண்டித்தால் கம்பெயின்களும் பழைய தரவும் எங்களிடமே இருக்கும், ஆனால் இணையத்தளப் படிவம் வழியாக வரும் விசாரணைகள் எண்ணப்படாது. ஆவணத்தின் சொத்துப் பட்டியலில் இதற்கு ஒரு வரிகூட இல்லை!

அதனால் துண்டிப்பைத் தள்ளிவைக்கச் சொன்னோம். கன்வெர்ஷனை எங்கள் கணக்கிலேயே புதிதாக அமைத்து, இணையத்தளத்தில் அதற்கான டேக் குறியீட்டை மாற்றி, சோதனைப் படிவம் அனுப்பிப் பார்த்த பிறகுதான் துண்டிப்பு.

‘வாடகை’, ‘ரிப்பேர்’ என்று தேடுவோரை விலக்கிய சொற்பட்டியலும் அவர்கள் மேனேஜர் கணக்கில்தான் இருந்தது. கேட்டதும் ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் எழுதி அனுப்பினார்கள். ஆவணத்திலேயே மிகவும் பயனுள்ள பக்கம் அதுதான்.

ஃபேஸ்புக் பக்கம் பறிபோனதாக எழுதிய முல்லைத்தீவு அண்ணை, உங்கள் சிக்கல் வேறு, தனியாகக் கேளுங்கள்.

மேனேஜர் கணக்கிலிருந்து பகிர்ந்த பார்வையாளர் பட்டியலுக்கு என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை.