இணை நிறுவனர் விடைபெறும் எபிசோட்: சாவி வாங்குவது முன்பா, பின்பா?

கரிசல்காடு: இருவர் நடத்தும் யூடியூப் சேனல், கூடவே ஒரு பாட்காஸ்ட். இணை நிறுவனர் 30-ஆம் தேதி விலகுகிறார். மனஸ்தாபம் எதுவும் இல்லை. விடைபெறும் எபிசோடுக்கு முன் எதையெல்லாம் கைமாற்ற வேண்டும்? பட்டவர்கள் சொல்லுங்கள்.

மைக்மணி: யூடியூப் ஸ்டூடியோவில் Settings, Permissions போய் உங்களை மேனேஜர் ஆக்கச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

நடுச்சாமம்: பாதிதான் சரி. மேனேஜர் வீடியோ ஏற்றலாம், ஆள் சேர்க்கலாம். ஆனால் வீட்டுப் பத்திரம் இன்னும் அவர் பெயரில்தான். முதலில் myaccount.google.com/brandaccounts பக்கத்தில் சேனல் வருகிறதா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வந்தால், அங்கேயே உங்களை ஓனராகச் சேர்க்கலாம். சேர்ந்து 7 நாள் கழிந்த பிறகுதான் முதன்மை ஓனர் ஆக்க முடியும். அதனால் 30-க்கு விலகுகிறவரின் அழைப்பை 22-க்குள் ஏற்றுவிடுங்கள். பலர் கடைசி நாளில்தான் அழைப்பு அனுப்புகிறார்கள். எபிசோட் வெளியாகி வாழ்த்து மழை பொழியும்போது, அந்தக் கடைசி பட்டனை அழுத்த ஆள் ஊரில் இருக்கமாட்டார்.

பனைமரம்: எங்கள் ஷோவில் கடைசியில் என்ன பாட்டு போட்டோம் தெரியுமா...

நடுச்சாமம்: அண்ணே, அது அப்புறம். விளம்பரப் பணம் வரும் ஆட்சென்ஸ் கணக்கு யார் பெயரில் இருக்கிறது? அந்தக் கணக்கைப் பெயர் மாற்றித் தர முடியாது. உங்கள் பெயரில் வேறு கணக்கை இணைக்க வேண்டும். ஒருமுறை மாற்றினால் அடுத்த மாற்றத்துக்கு 32 நாள் ஆகும், அவசரத்தில் தவறானதை இணைத்துவிடாதீர்கள். எந்தத் தேதி வரை வந்த பணம் யாருக்கு என்பதை ஒரு மெயிலிலாவது எழுதி வையுங்கள்.

அலைவரிசை: பாட்காஸ்ட்டில் எல்லோரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. ஷோவின் RSS ஃபீடைத் திறந்து இந்த வரியைத் தேடுங்கள்:

```
<itunes:email>...</itunes:email>
```

அங்கே விலகுகிறவரின் மெயில் இருந்தால், பின்னால் ஸ்பாட்டிஃபையில் ஷோவை உரிமை கோரும்போது சரிபார்ப்புக் குறியீடு அவருக்குத்தான் போகும். ஷோவுக்கென்று பொது மெயில் போடுங்கள். பாட்காஸ்ட்டை ஏற்றி வைக்கும் சில ஹோஸ்ட் தளங்கள் ஸ்பேம் பயத்தில் அந்த வரியையே மறைத்துவிடும். அப்போது செட்டிங்கில் காட்டச் சொல்ல வேண்டும்.

மைக்மணி: சரி, ஒப்புக்கொள்கிறேன். ஸ்மாஷ் என்ற காமெடி யூடியூப் சேனலின் கதையும் ஞாபகம் வருகிறது. 2017-இல் அதன் இணை நிறுவனர் ஆண்டனி படில்லா விலகியபோது கைமாற்ற அவரிடம் சேனலே இல்லை, 2011-லேயே விற்றுவிட்டார்கள். 2023-இல் இன்னொரு நிறுவனர் இயனும் அவரும் சேர்ந்து திரும்ப வாங்கினார்கள்.

அலைவரிசை: இன்னொன்று, இன்ட்ரோ. "வணக்கம், நாங்கள் இருவர்" என்று அவர் குரலில் 12 வினாடி ஓடுகிறதா? அவர் போவதற்குள் தனிக்குரல் இன்ட்ரோவைப் பதிவு செய்து வையுங்கள். இல்லாவிட்டால் விடைபெற்ற மறுவாரமும் அவரே வரவேற்பார். விடைபெறும் பேச்சையும் எபிசோடின் முன்னாலேயே வையுங்கள், கடைசிவரை கேட்காதவர்கள் நிறைய.

கரிசல்காடு: brandaccounts பக்கத்தில் சேனலே வரவில்லை என்கிறார். அவருடைய சொந்த ஜிமெயிலில் தொடங்கியதாம்.

நடுச்சாமம்: அதுதான் சிக்கல். பலர் சேர்ந்து நிர்வகிக்கக்கூடிய பிராண்ட் கணக்குக்குச் சேனலை நகர்த்திய பிறகே ஓனர் மாற்றம். எபிசோட் தேதியைத் தள்ளி வையுங்கள்.

பனைமரம்: பழைய எபிசோட்களில் அவர் குரலில் இருக்கும் விளம்பரங்களை வெட்ட வேண்டுமா?