புதுப்பிப்பு: அப்பா, ஐசியூ, குளிரூட்டல்

முன்பு இங்கே நான் கேட்டது: “இதயம் நின்று திரும்பியது. குளிர வைத்திருக்கிறார்கள், அப்பா கண்ணே திறக்கவில்லை. மூளை போய்விட்டதா?”

உடம்பை 33 டிகிரியில் ஒரு நாள் வைத்து, மணிக்குக் கால் டிகிரியாக மெல்லச் சூடேற்றினார்கள். மயக்க மருந்தை நிறுத்தியும் அசைவில்லை. தன் மாமனார் மறுநாளே பேசியதாக இங்கே ஒருவர் எழுதியதைப் படித்து வயிறு கலங்கியது.

குளிர்தான் எழவிடவில்லை என்றார் தாம்பரத்துச் சித்தப்பா. பாதி சரி. குளிரில் மருந்து உடம்பைவிட்டுப் போவதும் தாமதமாகுமாம். அப்பாவுக்குச் சிறுநீரகமும் மந்தம். “சூடேறி 72 மணி நேரமாவது போகட்டும். அதற்குமுன் எதுவும் முடிவாகச் சொல்ல மாட்டேன்” என்றார் டாக்டர். டார்ச் அடித்ததும் கண்பாவை சுருங்கியதைக் காட்டினார். நல்ல அறிகுறி, உத்தரவாதமில்லை என்றார்.

அப்புறம் ஒரு காலை, “கையை இறுக்குங்கப்பா” என்றதும் இறுக்கினார். இப்போது பேசுகிறார், கேட்டதையே பத்து நிமிடத்தில் மறுபடி கேட்கிறார். ஞாபகம் எவ்வளவு திரும்பும் என்று டாக்டரும் சொல்லவில்லை.