மலைக்கோட்டைக் காவலனுக்கு வாள் எதற்கு? நாவலுக்கு ஆயுதம் தேர்ந்த அனுபவங்கள்

மலைச்சாரல்

நான் எழுதும் நாவல் ஒரு சின்ன மலைநாட்டில் நடக்கிறது. ஒரு கோட்டை, ஒரு கணவாய், கணவாயில் ஒரு சுங்கச் சாவடி, அவ்வளவுதான். முதல் மூன்று அத்தியாயங்களில் 300 காவலர்களுக்கும் இடுப்பில் வாள் கட்டிவிட்டிருந்தேன். எங்கள் ஊரில் அரிவாள் அடிக்கும் பெரியவரிடம் போய் அதை வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும், "இம்புட்டு இரும்புக்கு உன் ராசா எங்கப்பா போவான்?" என்றார்.

அவர் இப்போது லாரிப் பட்டையை வெட்டித்தான் அரிவாள் அடிக்கிறார். என் கதையில் இரும்பை மண்ணிலிருந்து உருக்கி எடுக்க வேண்டும். அப்படி எடுத்த கட்டியை அடிக்க அடிக்கக் கசடும் செதிலுமாகப் பாதிக்கு மேல் போய்விடும். வாள் ஒன்று சுமார் ஒரு கிலோ என்று வைத்தால் 300 வாளுக்கு 300 கிலோ நல்ல இரும்பு வேண்டும், கட்டியாக அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். உலைக்குக் கரி வேண்டும், கரிக்குக் காடு அழிய வேண்டும். ஈட்டி முனை கால் கிலோ இருந்தால் போதும். மீதியெல்லாம் மூங்கிலோ மரமோதான். முனை முறிந்தாலும் மறுபடி அடித்துப் பூட்டிவிடலாம். வாளில் விளிம்பு கடினமாக இருக்க வேண்டும், உடல் வளைந்து கொடுக்க வேண்டும். முழுக்கக் கடினமாக்கினால் முதல் அடியிலேயே முறியும் என்றார். அது கைதேர்ந்தவனின் வேலை, நாளும் பிடிக்கும்.

அதனால் திருத்தி எழுதினேன். கோட்டை வாசலில் ஆளுயரத்தைத் தாண்டும் ஈட்டி. வாள் தளபதிக்கும் குதிரை வைத்திருக்கும் சிலருக்கும் மட்டும். சாவடிக்காரர்களுக்குக் கம்பு, வணிகனை வெட்டிப்போட்டால் மறுமாதம் சுங்கம் கட்ட யார் வருவார்கள்? இந்த ஒரு மாற்றத்திலேயே நாட்டுக்கு ஓர் உருவம் வந்துவிட்டது. உங்கள் கதைகளில் யார் கையில் என்ன கொடுத்தீர்கள், எங்கே தடுமாறினீர்கள் என்று சொல்லுங்கள்.

வைகைக்கரை

நீங்கள் வளரியை விட்டுவிட்டீர்களே! எங்கள் சிவகங்கைப் பக்கத்தில் பேர்பெற்ற எறி ஆயுதம். என் கதையில் ஒரு வீரன் ஒரே வளரியை வைத்துக்கொண்டு ஐந்து பேரை வீழ்த்துவான். எறிந்தால் அடித்துவிட்டு நேராகக் கைக்கே திரும்பி வரும்.

பழஞ்சுவடு

வைகைக்கரை, எறிவதும் வீழ்த்துவதும் சரி. அடித்த பிறகும் திரும்பி வரும் என்பதுதான் இடிக்கிறது. நான் பல வருஷம் அருங்காட்சியகங்களில் பழைய கருவிகளைப் பதிவு செய்யும் வேலையில் இருந்தவன். மரத்திலும் இரும்பிலும் தந்தத்திலும் வளரி பார்த்திருக்கிறேன். ஒரு முனை கனத்து, பிறை போல வளைந்திருக்கும். காலில் பட்டால் எலும்பு முறியும் வேகத்தில் போகிற பொருள், பட்ட இடத்தில் வேகத்தை இழந்துவிடும். குறி தப்பினால் திரும்புமா என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு, நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் திரும்பாது என்று வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். உங்கள் வீரன் மூன்று வளரி செருகிக்கொண்டு வருவான், இரண்டு எறிந்த பிறகு மூன்றாவதை எறிய யோசிப்பான். காட்சியின் இறுக்கம் அங்கேதான் இருக்கிறது.

மலைச்சாரல், உங்கள் மலைநாட்டில் மலைமக்கள் யாரும் ஆயுதம் ஏந்தவில்லையா? தினைப்புனம் காக்கும் பெண்கள் கவண் வீசிக் கிளி ஓட்டுவது நம் குறிஞ்சிப் பாட்டுகளில் வருகிறதே. கவணுக்கு இரும்பே வேண்டாம், நாரும் கூழாங்கல்லும் போதும்.

நிலாமுற்றம்

கவண் பறவை ஓட்டத்தானே? போரில் அதை வைத்து என்ன செய்வது?

பழஞ்சுவடு

ரோமப் படையில் பலேரிக் தீவுக் கவண்காரர்கள் கூலிப் படையாக இருந்தார்கள். ஈயக் குண்டுகளையும் கவணில் வைத்து எறிந்தார்கள். உடம்பில் புதைந்த குண்டை எப்படி வெளியே எடுப்பது என்று ரோம எழுத்தாளர் செல்சஸ் தன் மருத்துவ நூலில் எழுதியிருக்கிறார். ஆனால் ஒன்று, சின்ன வயதிலிருந்து பழகியவருக்குத்தான் குறி வரும். தினம் புனம் காப்பவளுக்கு அந்தப் பழக்கம் தானாகவே இருக்கும். இதை நீங்கள் தனியாக விளக்கவே வேண்டியதில்லை.

கம்புக்காரி

நான் சிலம்பம் ஆடுகிறவள், கதை எழுதியதில்லை. எங்கள் ஆசான் நெற்றி உயரத்துக்குக் கம்பு வெட்டித் தருவார். ஒருமுறை மழை என்று மைதானத்தை விட்டு ஒரு மண்டபத்தின் நடைக்குள் ஆடினோம். வீச்சு எடுத்தால் சுவரில் இடித்தது, தூக்கினால் உத்தரத்தில் இடித்தது. கடைசியில் குத்து மட்டும்தான் போட முடிந்தது. உங்கள் வாசல் காவலன் அந்த நீள ஈட்டியோடு கோட்டைப் படிக்கட்டில் ஓடினால் அவனுக்கும் இதே கதிதான். இடுப்பில் ஒரு பிச்சுவாக் கத்தியாவது கொடுங்கள்.

சாட்டை மாதிரி வளையும் சுருள்வாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலர் கதையில் அதைக் கூட்டச் சண்டையில் வீசுகிறார்கள். பக்கத்தில் நம் ஆள் நின்றால் முதலில் வெட்டுப்படுவது அவர்தான். சுற்றிலும் எதிரிகள், தனியாக ஒருவர் என்றால் மட்டும் பொருந்தும்.

தேரடி

நான் கூத்துக்கு ஆயுதம் செய்கிறவன். அட்டையில் செய்து வெள்ளித்தாள் ஒட்டினால் விளக்கு வெளிச்சத்தில் நன்றாக மின்னும். அளவு வேண்டுமானால் தருகிறேன்.

மலைச்சாரல்

தேரடி அண்ணே, நான் கேட்டது எழுத்துக்கு. ஆனால் அளவு தாருங்கள், எனக்கு உண்மையிலேயே உதவும். போன வாரம் மூன்றடி பிவிசி குழாயை முதுகில் உறை மாதிரி கட்டிக்கொண்டு, உள்ளே ஒரு கம்பை விட்டு உருவிப் பார்த்தேன். கை முழுக்க நீண்ட பிறகும் நுனி உறைக்குள்ளேயே நின்றது. ஒன்றரை அடிக் கம்பு சுலபமாக வந்தது. அத்தியாயம் ஐந்தில் என் நாயகன் வாளை முதுகிலிருந்து உருவும் இடத்தை அன்றே அடித்துவிட்டேன். இப்போது வாள் இடது இடுப்பில் தொங்குகிறது.

கம்புக்காரி சொன்னபடி வாசல்காரனுக்குப் பிச்சுவா கொடுத்தாயிற்று. கவண்காரி ஒருத்தியும் வந்துவிட்டாள். இனி வில்தான் பிரச்சினை. கதையில் எதிரி வருவது ஐப்பசி அடைமழையில்.

பழஞ்சுவடு

கி.மு. 326-ல் போரஸ் படை அலெக்சாண்டரை எதிர்த்ததும் மழைக்காலத்தில்தான். அன்றைய இந்திய வில்லைப் பற்றி கிரேக்க வரலாற்றாசிரியர் அரியன் எழுதியிருக்கிறார்: வில் ஆளுயரம், தரையில் ஊன்றி இடது காலால் அழுத்தித்தான் நாணை இழுப்பார்கள். சேற்றுத் தரை வழுக்கியதால் அந்த வில்லை ஊன்ற முடியாமல் போனது என்று ரோம வரலாற்றாசிரியர் கர்ட்டியஸ் எழுதுகிறார். ஆக உங்கள் வில்லாளிகளைப் பாறை மேல் நிறுத்துங்கள். நாணையும் யோசியுங்கள், தோல் நாண் நனைந்தால் தளரும்.

நிலாமுற்றம்

நாணுக்கு மெழுகு பூசினால் போதாதா? தேன்மெழுகு மலையில் கிடைக்குமே.

பழஞ்சுவடு

மெழுகு தூறலுக்குத் தாங்கும். இரவு முழுக்கக் கொட்டும் மழைக்குத் தாங்கும் என்று நான் சொல்லமாட்டேன். நாணைக் கழற்றி மடியில் வைத்திருந்து எதிரி தெரிந்ததும் பூட்டலாம். ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும்.

கம்புக்காரி

கவண் நாரும் நனையுமே. அது என்ன ஆகும்?

மலைச்சாரல்

இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மழை விட்டதும் சணல் கயிற்றில் ஒரு கவண் முடைந்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து, யாரும் இல்லாத குளக்கரையில் எறிந்து பார்க்கப் போகிறேன். அதுவரைக்கும் பதினோராம் அத்தியாயம் நிற்கிறது.