மும்பை கிச்சனில் ஆறு மொழி: ரஷ் நேரத்தில் ஆர்டர் மாறாமல் இருக்க என்ன வழி?

செம்பூருக்குப் புதுசு

எல்லாருக்கும் வணக்கம். சேலத்திலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. செம்பூரில் ஒரு சைவ ஓட்டலின் கிச்சனை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். சவுத் இண்டியன், சைனீஸ், பஞ்சாபி மூன்றும் உண்டு. தோசைக்கல்லில் நம்ம ஊர் ஆட்கள் இரண்டு பேர், சைனீஸ் பக்கம் நேபாளிகள், தந்தூருக்கும் கிரேவிக்கும் உத்தராகண்டின் கட்வாலிலிருந்து வந்தவர்கள். ஹெல்பர்களில் பாதி ஒடிசா, பாதி வங்காளம். காய் நறுக்க இரண்டு மராத்தி மௌசிகள்.

காலையில் எல்லாம் சரியாகத்தான் போகிறது. மதியம் ஒரு மணிக்கு மேல் ஆர்டர் குவிந்ததும் குழப்பம். முக்கியமாக ஜெயின் மசாலா தோசை திரும்பித் திரும்பி வருகிறது. சொன்னால் எல்லாரும் "ஹாங் ஜி" என்கிறார்கள், ஆனால் தட்டில் வேறு இருக்கிறது. என் ஹிந்தி அரைகுறை. முதலில் ஹிந்தி கிளாஸில் சேரட்டுமா, இல்லை வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

மாட்டுங்கா பழைய ஆள்

ஹிந்தி தானாக வரும், அதற்காகக் காத்திருக்காதீர்கள். உங்கள் சிக்கல் மொழி தெரியாததால் மட்டும் வரவில்லை. ஒரு செய்தி யார் யாருக்குப் போக வேண்டும் என்பதை யாரும் தீர்மானிக்கவில்லை, அதுதான் காரணம். அந்த ஜெயின் தோசையையே எடுத்துப் பார்ப்போம்.

நம்ம ஊர் மாஸ்டரைப் பொறுத்தவரை ஜெயின் என்றால் வெங்காயம், பூண்டு இல்லாதது, அவ்வளவுதான். அது பாதிதான். மண்ணுக்குள் விளையும் உருளைக்கிழங்கு, கேரட், முள்ளங்கி, பீட்ரூட், பச்சை இஞ்சி எதுவும் கூடாது. மஞ்சள்தூளையும் சுக்கையும் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். பெருங்காயத்தில் சிக்கல் இல்லை. அதனால் வெங்காயம் போடாத உருளைக்கிழங்கு மசாலா ஜெயின் மசாலா ஆகாது. வாழைக்காயை வேகவைத்து மசித்து, பச்சைப் பட்டாணி சேர்த்துத் தனியாகச் செய்து வைக்க வேண்டும்.

மசாலா சரியாக இருந்தும் தட்டு திரும்பி வரலாம். கல்லைக் கவனியுங்கள். ஒவ்வொரு தோசைக்கும் முன்னால் மாஸ்டர் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லைத் தேய்க்கிறார், கை தானாகவே அதைச் செய்யும். அதே கல்லில் ஜெயின் தோசை ஊற்றினால் அது ஜெயின் இல்லை. ஒரு கல்லை ஒதுக்கி, அதைத் தண்ணீரும் துணியும் மட்டும் வைத்துத் துடைக்கச் சொல்லுங்கள், தோசைத்திருப்பியும் அதற்கென்றே வேறு. இடமில்லை என்றால் கல்லில் ஒரு ஓரத்தை ஒதுக்குவதோடு நிறுத்தாதீர்கள். முழுக் கல்லையும் கழுவித் துடைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும்.

அடுத்து தட்டு. தோசை சரி, ஆனால் கிண்ணத்தில் சாம்பார் ஊற்றுகிறவர் ஹெல்பர். "ஜெயின்" என்ற சொல் மாஸ்டர் காதில் விழுந்தது, அவர் காதில் விழவில்லை. சின்ன வெங்காயம் மிதக்கிற சாம்பாரை ஊற்றிவிடுவார், கூடவே பூண்டு அரைத்த சிவப்புச் சட்னி. ஆகவே ஒரு ஜெயின் தோசை மாவு ஊற்றுகிறவர், மசாலா வைக்கிறவர், சாம்பார்-சட்னி ஊற்றுகிறவர், எடுத்துப் போகிறவர் என்று நான்கு கை தாண்டுகிறது. நான்கு பேருக்கும் வாயால் சொல்லி முடியாது. ஆர்டர் எழுதி வரும் கே.ஓ.டி. சீட்டைக் கிளிப்போடு தட்டிலேயே மாட்டி, தட்டோடு நகரவிடுங்கள். ஜெயின் சாம்பாருக்கு வேறு வடிவக் கிண்ணம் வையுங்கள். வழக்கமான கிண்ணம் வட்டமென்றால் இது சதுரம். பூசணி, சுரைக்காய், முருங்கைக்காய் போட்டு ஒரு சின்னப் பானை காலையிலேயே தயாராக இருக்கட்டும். கத்தரிக்காயைச் சிலர் சாப்பிடமாட்டார்கள், அதை விட்டுவிடுங்கள்.

இனி கூப்பிடும் முறை. ரஷ் நேரத்தில் சீட்டைப் படிப்பவர் ஒருவர்தான். அவர் கையில் கரண்டி இருக்கக் கூடாது, பாஸில், அதாவது தயாரான தட்டு வெளியே போகும் மேடையில், நின்று எல்லாரையும் பார்க்க வேண்டும். ஒரு மூச்சில் மூன்று அயிட்டத்துக்கு மேல் கூப்பிட வேண்டாம். முதலில் பெயர், பிறகு எண்ணிக்கை. விசேஷம் ஏதாவது இருந்தால் முன்னாலும் பின்னாலும்: "ஜெயின், மசாலா தோசா ஏக், ஜெயின்." சமைப்பவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். "ஹாங் ஜி" பதில் இல்லை. புரியாதவனும் அதைத்தான் சொல்வான், எட்டுப் பேர் முன்னால் புரியவில்லை என்று சொல்லக் கூச்சம். திருப்பிச் சொன்னது தப்பென்றால் தப்பை மட்டும் திருத்தாமல் முழுவதையும் மறுபடி கூப்பிடுங்கள். பதில் வராமல் அடுத்த சீட்டுக்குப் போகாதீர்கள்.

இதற்கு ஹிந்தியில் ஒன்று முதல் பத்து வரை எண், இருபது முப்பது சொல் போதும். ஏக், தோ, தீன் எல்லாம் மராத்தி, நேபாளி, வங்காளம், ஒடியாக்காரர்களுக்கு அவர்கள் மொழியிலும் கிட்டத்தட்ட அதேதான். நம்ம மாஸ்டர்கள் மட்டும் கற்றால் போதும், ஒரு வாரத்தில் வந்துவிடும்.

அந்தேரி ஃபிளாட்

எங்க வீட்டுக்கு வரும் சமையல்காரம்மாவிடமும் இதே கஷ்டம்தான். ரசத்தில் சீரகம் கூட, புளி குறைவு. சொன்னால் சிரிக்கிறார். நான் ஒரு நாள் பக்கத்தில் நின்று செய்து காட்டினேன், இப்போது பரவாயில்லை. நீங்களும் செய்து காட்டுங்கள் சார்.

மாட்டுங்கா பழைய ஆள்

வீட்டில் ஒருவருக்கு அது நன்றாக நடக்கும் அம்மா. இவர் கேட்பது அடுப்பில் பத்துப் பேர் நிற்கும்போது ஆர்டர் மாறுவது பற்றி. ஆனாலும் புது அயிட்டம் தொடங்கும் நாளில் நீங்கள் சொன்ன மாதிரி ஒரு தட்டு செய்து, பாஸில் வைத்து எல்லாருக்கும் காட்டுவது நல்லது.

பவாய் ஹோட்டல் மேனேஜ்மெண்ட்

எழுதுவதையே விட்டுவிட்டு கலர் ஸ்டிக்கர் பயன்படுத்துங்கள். கலருக்கு மொழி கிடையாது. பெரிய ஓட்டல்களில் கிழமைக்கு ஒரு கலர்: திங்கள் நீலம், செவ்வாய் மஞ்சள், புதன் சிவப்பு, வெள்ளி பச்சை என்று. எந்த டப்பா எந்த நாள் செய்தது என்று பார்த்ததும் தெரியும். ஜெயின் டப்பாவுக்கும் ஒரு கலர் வைத்துவிடலாம்.

தாராவி கேட்டரிங்

யோசனை நல்லதுதான், ஆனால் அப்படியே எடுக்காதீங்க. நம்ம நாட்டில் பச்சைப் புள்ளின்னா சைவம்னு எல்லார் மனசிலும் பதிஞ்சிருக்கு. வெள்ளிக்கிழமை பச்சை ஸ்டிக்கர் ஒட்டின டப்பாவைப் புது ஹெல்பர் ஜெயின் டப்பான்னு எடுத்துடுவான். கலர் ஒரே ஒரு வேலைக்குத்தான் இருக்கணும். ஜெயினுக்கு வச்சா கிழமைக்கு வைக்காதீங்க. தேதிக்கு டேப்பில் எண்ணாவே எழுதுங்க, 14/6, அடியில மணி 11.

எழுதும்போது இன்னொண்ணு. வங்காளப் பையன்கள் அவங்க எழுத்தில் எண் போட்டா, அவங்க 4 நம்ம கண்ணுக்கு 8 மாதிரியே இருக்கும். அவங்க 7 கிட்டத்தட்ட 9. நாலாம் தேதி டப்பாவை எட்டாம் தேதின்னு படிச்சு வச்சிருந்தா என்ன ஆகும்னு யோசிங்க. செல்போனில் நம்பர் எப்படி வருதோ அப்படித்தான் எழுதணும்னு சொல்லிட்டா போதும், அது எல்லாருக்கும் தெரியும்.

அளவுக்கும் வாய்ச்சொல்லை நம்பாதீங்க. ஒன்றரை கிலோவுக்கு ஹிந்தியில டேட்னு சொல்வாங்க, இரண்டரைக்கு டாயி. எக்ஸாஸ்ட் இரைச்சல்ல நம்ம காதுக்கு இரண்டும் ஒண்ணுதான். மாவுக்கு ஒரே ஸ்டீல் டப்பாவை வச்சுக்கங்க: இட்லி அரிசி தலைதட்டி 4, உளுந்து 1. எந்த மொழிக்காரனும் டப்பாவை எண்ணிடுவான். உளுந்து மாத்தி மாத்தி விழுந்திருந்தா மாவே காட்டிக் கொடுக்கும், ஒரு நாள் இட்லி கல்லு மாதிரி, அடுத்த நாள் தட்டையா ஒட்டும். அப்ப மாஸ்டரைத் திட்டுறதுக்கு முன்னாடி ஊறப்போட்டது யாரு, என்ன சொல்லி ஊறப்போட்டாங்கன்னு கேளுங்க.

அப்புறம் உங்க மௌசிகள் "மீட்" கேட்டா அது உப்பு. கட்வால்காரர் காதில் அது "மீட்டா", அதாவது இனிப்புன்னு விழும். உப்பும் சர்க்கரையும் ஒரே மாதிரி டப்பாவில், பக்கத்துல பக்கத்துல வைக்கவே வைக்காதீங்க.

செம்பூருக்குப் புதுசு

வெங்காயம் தேய்க்கும் விஷயம் என் கண்முன்னாலேயே நடந்திருக்கிறது, இதுவரை தோன்றவே இல்லை. ரொம்ப நன்றி. இன்னொரு கேள்வி. சர்வீஸுக்கு முன்னால் எல்லாரையும் நிறுத்திப் பேசுவதுண்டு. கடைசியில் "சமஜ் கயா?", அதாவது புரிந்ததா என்றால் எல்லாத் தலையும் ஆடும். அதை எப்படிச் சரிபார்ப்பது?

மாட்டுங்கா பழைய ஆள்

அந்தக் கேள்வியையே கேட்காதீர்கள். தலையாட்டிப் பதில் சொல்ல முடியாத கேள்வியாகக் கேளுங்கள். இருப்பதிலேயே புதியவரைப் பார்த்து, "ஜெயின் சாம்பார் எந்தப் பானை?" அவர் கையால் தொட்டுக் காட்டட்டும். "இன்றைக்கு என்ன கத்தம்?" தீர்ந்த அயிட்டத்தின் பெயரை அவர் சொல்லட்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தீர்ந்த அயிட்டம், புது அயிட்டம், யார் எங்கே நிற்கிறார்கள், இந்த மூன்றும் போதும். மதியம் 12 மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஆள் மாறும்போது ஒன்று. தப்பாகச் சொன்னால் எல்லார் முன்னாலும் குரல் உயர்த்தாதீர்கள். உயர்த்தினால் அடுத்த நாள் மறுபடி "ஹாங் ஜி"தான் வரும்.

கரோல் பாக் தமிழன்

டெல்லியில் இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். கூப்பிடும் விதம். நேபாளப் பையனை "பஹாதூர்" என்று கூப்பிட வேண்டாம், அவனுக்குப் பெயர் இருக்கிறது. மூத்தவராக இருந்தால் "தாய்" என்று சேர்த்தால் நேபாளியில் அண்ணன் என்று அர்த்தம், முகம் மலரும். வங்காளிக்கு "தாதா", ஒடியாக்காரருக்கு "பாயினா". மும்பையில் "பையா" என்ற சொல்லைச் சிலர் இளக்காரமாகச் சொல்வதால் உ.பி. ஆட்களுக்கு அது குத்தும், பெயரோடு "பாய்" சேர்த்துக் கூப்பிடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இன்னொரு லாபம், "ஏய்" என்றால் நான்கு பேர் திரும்புவார்கள், பெயருக்கு ஒருவர்தான் திரும்புவார்.

இன்னொன்று, ரஷ் நேரத்தில் நீங்களும் தோசை மாஸ்டர்களும் தமிழில் பேசுவதை நிறுத்துங்கள். மற்றவர்கள் தங்களைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்று நினைப்பார்கள்.

தாராவி கேட்டரிங்

இதை நான் ஒத்துக்கமாட்டேன். கல் சூடு, மாவு பதம் எல்லாம் தமிழில் ஒரு சொல்லில் முடிஞ்சிடும். ரஷ்ஷில் அதை ஹிந்தியில் யோசிச்சுச் சொல்றதுக்குள்ள தோசை கருகிடும்.

மாட்டுங்கா பழைய ஆள்

தோசைக்கல்லுக்குள் நடக்கும் பேச்சு தமிழில் இருக்கட்டும், அதில் தப்பில்லை. பாஸைத் தாண்டிப் போகும் எதுவும், அதாவது எண்ணிக்கை, ஜெயின், கத்தம், பார்சல், பொதுச் சொல்லில்தான் போக வேண்டும். கொதிக்கும் பாத்திரத்தோடு நகரும்போது "கரம்", ஒருவர் பின்னால் போகும்போது "பீச்சே", இவை இரண்டும் எப்போதும் எல்லாருக்கும் ஒன்றே. "சூடு சூடு" என்று தமிழில் கத்தினால் ஒடியாப் பையன் விலக மாட்டான்.

கரோல் பாக் தமிழன்

கல் பக்கத்தில்கூட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அங்கேயும் ஒரு ஹெல்பர் நிற்கிறான், அவனும் கற்றுக்கொள்ள வேண்டுமல்லவா?

செம்பூருக்குப் புதுசு

எங்கள் கல்லில் நிற்கும் ஹெல்பர் வங்காளத்து மால்டா பையன். நாளைக்கு முதலில் ஒரு கல்லை ஒதுக்கி, கிளிப்பும் சதுரக் கிண்ணமும் வாங்குகிறேன். தமிழில் பேசுவதா வேண்டாமா என்பதை மாஸ்டர்களிடமும் அந்தப் பையனிடமும் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.