கடைசி அறைக்கு மட்டும் காற்று குறைவு: ஃப்ளெக்சிபிள் டக்ட் தொய்ந்திருப்பது காரணமாக இருக்குமா?

நிழல்மரம் (கேள்வி)

வணக்கம். எங்கள் வீட்டில் டக்ட் வழியாக இயங்கும் ஏசி உள்ளது. மற்ற அறைகள் நன்றாகக் குளிர்கின்றன. கடைசிப் படுக்கையறையில் மட்டும் கிரில்லின் கீழே கை வைத்தால் காற்று வருவதே தெரிவதில்லை. அனிமோமீட்டரில் அங்கே வினாடிக்கு 1.1 மீட்டரும், அதே அளவு கிரில் உள்ள பக்கத்து அறையில் 2.6 மீட்டரும் காட்டுகிறது. ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்து பார்த்தேன். 200 மி.மீ. ஃப்ளெக்சிபிள் டக்ட் இரண்டு கம்பிகளில் மட்டும் தொங்கி, நடுவில் ஒரு சாணுக்கு மேல் தொய்ந்திருக்கிறது. கிரில்லுக்கு மேலே அது சட்டென்று கீழ்நோக்கி மடங்குகிறது. எங்கிருந்து தொடங்குவது?

காற்றாடி

ஃபேன் வேகத்தை ஒரு படி கூட்டிப் பாருங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் 250 மி.மீ. டக்ட் போட்டுவிடலாம், பெரிய டக்டில் தடை குறைவு.

பழைய மெக்கானிக்

பெரிய டக்டில் தடை குறையும் என்பது உண்மைதான், ஆனால் அதையும் இதேபோல் தொங்கவிட்டால் பலன் பெரிதாக இராது. வேகத்தைக் கூட்டினால் அதிகப்படியான காற்றில் பெரும்பங்கு தடையில்லாத மற்ற அறைகளுக்கே போகும். இந்த அறைக்குக் கிடைப்பது சொற்பம், சத்தம்தான் மிஞ்சும்.

முதலில் அந்தக் கிளையின் டேம்பர் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டக்டை கிரில் முனையில் கழற்றி, மடிப்பை நீக்கி நேராகப் பிடித்து, வெளிவரும் காற்றைக் கையால் உணருங்கள். உடனே பலமாக வந்தால் மடிப்புதான் முதல் குற்றவாளி. அப்போதும் மந்தமாக இருந்தால், மெயின் டக்டிலிருந்து பிரியும் காலரில் கழற்றிப் பாருங்கள்; அங்கே பலமாக இருந்தால் கோளாறு டக்டின் நீளத்தில்தான் இருக்கிறது. காலருக்கும் கிரில்லுக்கும் நேர் தூரம் எவ்வளவு, போட்டிருக்கும் டக்ட் எவ்வளவு நீளம் என்பதையும் அளந்து சொல்லுங்கள்.

ஈரச்சுவர்

எங்கள் குளியலறை எக்ஸாஸ்ட் குழாயிலும் இதே தொய்வுதான். பள்ளத்தில் தண்ணீர் தேங்கிச் சொட்டுகிறது. நடுவில் ஒரு துளை போட்டுவிட்டால் போதும் அல்லவா?

பழைய மெக்கானிக்

துளை போட்டால் ஈரக்காற்று சீலிங்கிற்குள் பரவும். வெளிச்சுவர் நோக்கிச் சற்றே சரிவாக நேராக இழுத்துக் கட்டுங்கள். அது வேறு விஷயம்; தனி இழையாகக் கேட்டால் விரிவாகப் பேசலாம்.

நிழல்மரம்

டேம்பர் முழுதாகத் திறந்திருக்கிறது. மடிப்பை நேராக்கியதும் காற்று கொஞ்சம் கூடியது, ஆனால் போதவில்லை. காலரில் கழற்றியபோது மிகப் பலமாக வந்தது. நேர் தூரம் நாலரை மீட்டர். டக்ட் ஏழரை மீட்டர் இருக்கும். மிச்சம் முழுவதையும் அக்கார்டியன் போலச் சுருக்கி உள்ளே திணித்திருக்கிறார்கள்.

பழைய மெக்கானிக்

தொய்வைவிட இந்தச் சுருக்கம்தான் அதிகம் கெடுக்கிறது. இழுத்து விறைப்பாக இருக்கும்போது டக்டின் உள்சுவர் ஓரளவு வழவழப்பாக இருக்கும். சுருங்கினால் சுருள் கம்பிகளுக்கிடையே பிளாஸ்டிக் உள்நோக்கி மடிந்து, ஒவ்வொரு வளையமும் காற்றைத் தடுக்கும். அதனால் அழுத்த இழப்பு பல மடங்கு ஏறிவிடும்.

காலரில் ஒரு முனையை இணைத்துவிட்டு, டக்டை முழுவதுமாக இழுத்து, தேவையான இடத்தில் மிச்சத்தை வெட்டுங்கள். உள்குழாயை காலர் மேல் ஏற்றி கிளாம்ப் போட்டு டேப் ஒட்டிய பிறகு, இன்சுலேஷனையும் வெளி உறையையும் மேலே இழுத்துத் தனியாகக் கட்டுங்கள். உறையில் இடைவெளி விட்டால் அங்கே வியர்த்துச் சொட்டும். 1.2 மீட்டருக்கு ஒரு தாங்கி வேண்டும். கம்பி டக்டை நெரிக்கும் என்பதால் 38 மி.மீ.க்குக் குறையாத அகலமுள்ள பட்டையைப் பயன்படுத்துங்கள். இரு தாங்கிகளுக்கிடையே 5 செ.மீ. வரை தொய்வு இருந்தால் பரவாயில்லை.

அடுத்தது வளைவு. நடுக்கோட்டில் அளந்தால் ஆரம் டக்டின் விட்டத்துக்குக் குறையக்கூடாது, அதாவது உங்களுக்கு 200 மி.மீ. இன்சுலேஷனையும் சேர்த்தால் வளைவின் வெளிவிளிம்புக்கே சுமார் 325 மி.மீ. உயரம் தேவை, அதன் கீழே கிரில்லின் கழுத்து வேறு இருக்கிறது. உங்கள் சீலிங் இடைவெளி எவ்வளவு?

நிழல்மரம்

சரியாக 300 மி.மீ.

பழைய மெக்கானிக்

அப்படியானால் அங்கே ஃப்ளெக்சிபிள் டக்டை வளைக்கவே முடியாது. கிரில்லுக்கு மேல் பக்கவாட்டில் காலர் உள்ள, இன்சுலேஷன் போட்ட தகரப் பெட்டி ஒன்றை வைத்து, டக்டைக் கிடையாகவே அதில் நுழைத்துவிடுங்கள்.

நிழல்மரம்

சொன்னபடியே செய்தாயிற்று. இப்போது 2.1 மீட்டர் வருகிறது. ஆனால் கதவைச் சாத்தினால் 1.7க்கு இறங்கிவிடுகிறது.

காற்றாடி

இப்போதாவது 250 மி.மீ. போடலாமே?

பழைய மெக்கானிக்

கதவைச் சாத்தும்போது குறைகிறது என்றால், அறைக்குள் வந்த காற்று திரும்பிப் போக வழி போதவில்லை. கதவின் அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது, அந்த அறையில் ரிட்டர்ன் கிரில் உண்டா என்று சொல்லுங்கள். கதவு திறந்திருக்கும்போதும் பக்கத்து அறையைவிடக் குறைவாக இருப்பதற்குத் தூரம் மட்டுமே காரணமா என்பதை அதன் பிறகுதான் பார்க்க வேண்டும்.